நன்னாரி பாட்டிலில் இருந்த 420

கேள்வி: சுகர் ஃப்ரீ சர்பத் குடித்தால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வருமா? தண்ணீர்தான் காரணம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

வரும். எங்கள் வீட்டில் ஒரே வாரத்தில் இரண்டு பேருக்கு வந்தது. ஒருவர் 68 வயது மாமனார், இன்னொருவன் ஏழு வயது மகன். பெரியவர் யாருக்கோ சர்க்கரை என்று வாங்கி வைத்த பாட்டிலைத்தான் உங்கள் பிள்ளையும் குடித்திருப்பான் என்று நினைக்கிறேன், எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆனது.

நாங்கள் வட சென்னையில் தண்டையார்பேட்டை. மாமனாருக்கு வெயில் காலம் என்றால் நன்னாரி சர்பத் வேண்டும், சர்க்கரை வந்த பிறகு ஆறு வருஷமாக அதைத் தொடாமல் இருந்தார். போன மே மாதம் மின்ட் பக்கம் ஒரு கடையில் சுகர் ஃப்ரீ நன்னாரி பாட்டிலைப் பார்த்ததும், பாவம் ஆசைப்படுகிறாரே என்று நான்தான் வாங்கி வந்தேன். தினமும் மத்தியானம் அவருக்கு ஒரு தம்ளர். பள்ளி லீவு, பையன் மொட்டை மாடியில் பட்டமும் கிரிக்கெட்டுமாக ஆடிவிட்டு வேர்த்து ஊற்ற வருவான், சர்க்கரை இல்லாததுதானே என்று அவனுக்கு இரண்டு தம்ளர்கூடக் கொடுத்தேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம் மாமனாருக்கு வயிறு கல் மாதிரி உப்பிக்கொண்டது, பக்கத்தில் உட்கார்ந்தாலே கடமுடா என்று சத்தம் கேட்டது. காற்று பிரிந்துகொண்டே இருந்ததால் வெட்கப்பட்டுக்கொண்டு கூடத்துக்கே வரவில்லை. பையனுக்கு ராத்திரிக்குள் மூன்று தடவை, வெறும் தண்ணீராக, மேலே நுரையோடு, புளித்த மாவு மாதிரி வாடை. ஆசனவாய் ஓரம் சிவந்து எரிகிறது என்று அழுதான். ஆனால் காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை, ரத்தமோ சளியோ இல்லை, பசிக்கிறது என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். இதை அன்றைக்கே நான் யோசித்திருக்க வேண்டும்.

யோசிக்கவிடவில்லை. தெருவில் எல்லோரும் தண்ணீர் என்றார்கள். கிளினிக்கில் "எந்த ஏரியாம்மா?" என்று கேட்டு, நான் பேர் சொன்னதுமே பேனாவை எடுத்து ஐந்து நாளுக்கு ஆன்டிபயாடிக் எழுதிவிட்டார்கள். என்ன குடித்தான், என்ன சாப்பிட்டான் என்று ஒரு கேள்வி இல்லை. எங்கள் பக்கம் குழாயில் கலங்கலாகத் தண்ணீர் வந்த நாட்கள் உண்டு, சாக்கடை வாடை அடித்து நாங்களே புகார் கொடுத்திருக்கிறோம், அதை மறைக்கவில்லை. அதற்காக வட சென்னைக் குழந்தைக்கு வயிறு போனால் தண்ணீர், இருமினால் புகை என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு பேசுவது எனக்குப் பொறுக்கவில்லை. நாங்கள் கொதிக்க வைத்துத்தான் குடிக்கிறோம். அதே தண்ணீரைக் குடித்த எனக்கும் கணவருக்கும் மாமியாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே. மாமனாருக்கு இன்னொரு இடத்தில் மெட்ஃபார்மின் காரணமாக இருக்கலாம் என்றார்கள். அந்த மாத்திரைக்கு வயிறு போகும் என்பது உண்மைதான், ஆனால் ஆறு வருஷமாக அதே அளவு போடுகிறவருக்குத் திடீரென்று ஏன்?

விடை மருந்துக்கடையில் கிடைத்தது. எனக்கு முன்னால் நின்ற அம்மா மலச்சிக்கலுக்கு டானிக் கேட்டார். கடைக்காரர் எடுத்துக் கொடுத்த டிரைகோலின் சிட்ரேட் பாட்டிலில் கூடவே "சார்பிடால்" என்று பெரிதாகப் போட்டிருந்தது. இந்தப் பேரை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று வீட்டுக்கு வந்து நன்னாரி பாட்டிலைத் திருப்பினேன். இனிப்பூட்டி 420. அதுதான் சார்பிடால். அதற்குக் கீழே எறும்பு மாதிரி எழுத்தில், பாலியோல்களுக்கு, அதாவது சார்பிடால் வகை இனிப்பூட்டிகளுக்கு, மலமிளக்கும் தன்மை இருக்கலாம் என்ற எச்சரிக்கையும் இருந்தது. அப்புறம் கணக்குப் போட்டேன். 100 மில்லி சிரப்பில் பாலியோல் 40 கிராம். நாங்கள் கெட்டியாகக் கலப்போம், தம்ளருக்கு 50 மில்லி. மாமனாருக்கு ஒரு வேளைக்கு 20 கிராம், பையனுக்கு இரண்டு தம்ளரில் 40 கிராம். பெரியவர்களுக்கே 10 கிராம் தாண்டினால் நிறைய பேருக்கு வயிறு உப்பும், 20 கிராமுக்கு மேல் பலருக்கு வயிறு போகும். சிலருக்கு 5 கிராமே தாங்காது. 21 கிலோ பிள்ளைக்கு நான் 40 கிராம் ஊற்றிக் கொடுத்திருக்கிறேன்.

இது விஷமும் இல்லை, கெட்டுப்போன சரக்கும் இல்லை. சார்பிடால் சிறுகுடலில் மெதுவாக, கொஞ்சம்தான் உறிஞ்சப்படும். மிச்சம் குடலுக்குள்ளேயே நின்று தண்ணீரைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்ளும், அதனால்தான் தண்ணீராகப் போகிறது. பெருங்குடலுக்கு வந்ததும் அங்கே இருக்கும் பாக்டீரியா அதைப் புளிக்க வைக்கும், அதில் வாயுவும் அமிலமும் உண்டாகும். உப்புசமும், புளித்த வாடையும், பையனுக்குத் தோல் எரிந்ததும் அதனால்தான். மால்டிடால் 965, மானிடால் 421, சைலிடால் 967 எல்லாம் இதே வேலையைச் செய்யும். எரித்ரிடால் 968 மட்டும் பெரும்பாலும் சிறுகுடலிலேயே உறிஞ்சப்பட்டுச் சிறுநீரில் போய்விடுவதால் தொல்லை குறைவு.

"நான் தினமும் டயட் கோலா குடிக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று கருத்துப் போட வருகிறவர்களுக்கு: அதில் இருப்பது அஸ்பார்டேம், சுக்ரலோஸ் மாதிரியான இனிப்பு, மில்லிகிராம் கணக்கில்தான் போடுவார்கள், அது வேறு வகை. சுகர் ஃப்ரீ என்று எழுதிய எல்லாவற்றையும் நான் திட்டவில்லை. நான் டாக்டரும் இல்லை.

பாட்டிலை நிறுத்தினோம். மறுநாள் பையனுக்கு ஒரு தடவை, அதற்கு மறுநாள் கெட்டியாகிவிட்டது. மாமனாருக்கு மெட்ஃபார்மினைக் குறைக்காமலேயே சரியானது. பத்து நாள் கழித்து அவரே, சாப்பாட்டோடு 15 மில்லி மட்டும் கலந்து குடித்துப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. பிள்ளைக்கு அந்தச் சோதனையை நான் செய்யவில்லை, நீங்களும் செய்யாதீர்கள். இரண்டு நாள் நிறுத்திப் பாருங்கள். நிறுத்தியும் நிற்காவிட்டாலோ, காய்ச்சல், ரத்தம், வாந்தி இருந்தாலோ, பிள்ளை சோர்ந்து சிறுநீர் போகாமல் இருந்தாலோ, சர்பத்தின் மேல் பழி போட்டுக்கொண்டு வீட்டில் உட்காராமல் உடனே டாக்டரிடம் போங்கள்.

ஒன்று முக்கியம். வயிறு போகும்போது நீர்ச்சத்துக்கு என்று அதே சுகர் ஃப்ரீ பானத்தையே கொடுத்துவிடாதீர்கள், நான் முதல் நாள் ராத்திரி அதைத்தான் செய்தேன். ஓஆர்எஸ் பொடியில் குளுக்கோஸ் இருப்பது ருசிக்காக இல்லை, அது இருந்தால்தான் குடல் உப்பையும் தண்ணீரையும் உள்ளே இழுக்கும். அப்புறம் உங்கள் பிள்ளைக்கு இருமல் மருந்தோ வேறு டானிக்கோ ஓடிக்கொண்டிருந்தால் அந்த அட்டையையும் பாருங்கள், சர்க்கரை இல்லாத சிரப்புகளில் பலவற்றிலும் சார்பிடால் இருக்கிறது.

இப்போது மாமியார் நன்னாரி வேரைத் தட்டி மண்பானைத் தண்ணீரில் போட்டு வைக்கிறார். மாமனார் அதில் எலுமிச்சை பிழிந்து, உப்புப் போட்டுக் குடிக்கிறார்.