நோட்டைக் கைவிடும் மக்கள்

கேள்வி: சிங்கப்பூரில் ஜப்பானியர் கால வாழைமர நோட்டு செல்லாமல் போன கதையைப் பாட்டி சொல்வார். ஒரு நாட்டு மக்கள் சொந்தப் பணத்தை விட்டு அயல்நாட்டு டாலருக்கு மாறுவது ஏன்?

பதில்: பாட்டி கண்டதன் இன்னொரு வடிவம் ஜிம்பாப்வே. 2008 நவம்பரில் அங்கே விலைகள் ஏறத்தாழ நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாயின. அரசு தன் செலவுக்கு நோட்டு அச்சடித்துக்கொண்டே இருந்ததுதான் காரணம்.

கடைக்காரரின் நிலையில் நின்று பாருங்கள். காலையில் மாவு விற்றுப் பெற்ற பணத்தில், மறுநாள் அதில் ஏறத்தாழ பாதி மாவுதான் வாங்க முடியும். அதனால் அவர் அமெரிக்க டாலரோ தென்னாப்பிரிக்க ராண்டோ கேட்கிறார். அவர் கேட்பதால் தொழிலாளியும் சம்பளத்தை அப்படியே கேட்கிறார். உள்ளூர் நோட்டை யாரும் கையில் வைத்திருக்க விரும்பாததால் அது இன்னும் வேகமாகக் கைமாறி, விலையை மேலும் ஏற்றுகிறது. 2009 ஜனவரியில் நூறு டிரில்லியன் ஜிம்பாப்வே டாலர் நோட்டு வந்தது. அதே மாத இறுதியில் அரசு அயல்நாட்டுப் பணத்தை அனுமதித்தது. மக்கள் ஏற்கெனவே மாறியிருந்தார்கள், சட்டம் பின்னால் வந்தது.

விலையேற்றம் உடனே நின்றது, ஏனெனில் அமெரிக்க டாலரை அந்த அரசால் அச்சடிக்க முடியாது. ஆனால் அதுவே புதிய இடரும் ஆயிற்று. ஏற்றுமதியும் வெளிநாட்டு உறவினர் அனுப்பிய பணமும் கொண்டுவந்த டாலர்தான் புழக்கத்துக்கு இருந்தது. சில்லறை நாணயமே இல்லாததால் கடைகளில் மீதிக்கு மிட்டாய் கொடுத்தார்கள். வங்கி தடுமாறினால் டாலர் தந்து காப்பாற்ற மத்திய வங்கியாலும் இயலாமல் போயிற்று.