ஸ்டீம் கடிகாரம் ஓடுகிறது, கேம் மட்டும் திறக்கவில்லை

கேள்வி: பன்னிரண்டு நாள் முன்பு கடையில் ஒரு விண்டோஸ் ஹேண்ட்ஹெல்ட் கேமிங் கணினி வாங்கினேன். ஸ்டீமில் இரண்டு கேம் வாங்கிப் போட்டேன். ஒன்று திறக்கிறது, ஆனால் இழுத்து இழுத்து ஓடுகிறது. தொடக்கத்தில் ஒருமுறை அப்படியே நின்றும் போனது. இன்னொன்று திறக்கவே இல்லை. கம்பெனியின் லாகின் பக்கம் வந்து நிற்கிறது, எந்தப் பட்டனுக்கும் அசையவில்லை. அதைத் திறந்து திறந்து பார்த்ததில் ஸ்டீம் ஒரு மணி இருபது நிமிடம் விளையாடியதாகக் காட்டுகிறது! கடைக்காரர் "பீஸில் ஒன்றும் குறையில்லை" என்கிறார். வீட்டில் 67 வாட் போன் சார்ஜர்தான் சொருகுகிறேன். பீஸைத் திருப்பிக் கொடுக்கலாமா?
– திருப்பூர் வாசகர்

பதில்: முதலில் அந்த இரண்டாவது கேமைத் திறந்து பார்ப்பதை நிறுத்துங்கள். ஸ்டீமில் பணம் திரும்ப வேண்டுமென்றால் வாங்கி 14 நாளுக்குள் கேட்க வேண்டும், விளையாடிய நேரமும் 2 மணிக்குள் இருக்க வேண்டும். கேமுக்கு முன்னால் வந்து லாகின் கேட்கும் அந்தப் புரோகிராமுக்கு லாஞ்சர் என்று பெயர். அது திறந்திருக்கும் நேரத்தையும் ஸ்டீம் விளையாடிய நேரமாகத்தான் கணக்கிடும். நீங்கள் லாகின் பெட்டியை முறைத்துக்கொண்டிருந்த எண்பது நிமிடமும் அப்படிப் போனதுதான். மீதி நாற்பது நிமிடம். அதைக் கணக்காகச் செலவழிப்போம்.

உங்கள் கருவியின் பெயரை இங்கே விட்டுவிட்டேன், ஏனென்றால் எந்த விண்டோஸ் ஹேண்ட்ஹெல்டிலும் இது நடக்கிறது. பட்டன், வாட் என்று குறிப்பாகச் சொல்ல வேண்டிய இடத்தில் 2023-இல் வந்த ஆசுஸ் ராக் ஆலியை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். மற்ற கருவிகளில் பெயர் மாறும், அமைப்பு ஏறக்குறைய இதேதான்.

திறக்காத கேமைப் பார்ப்போம். நீங்கள் ஸ்டீமில் 'Play' அழுத்தியதும் முதலில் திறப்பது கேம் அல்ல. ராக்ஸ்டார், இஏ, யுபிசாஃப்ட் போன்ற கம்பெனிகளின் கேம்களில் அந்தக் கம்பெனியின் லாஞ்சர்தான் முதலில் எழும். அது மேசைக் கணினிக்காக எழுதப்பட்ட சாதாரண விண்டோஸ் புரோகிராம், மவுஸையும் கீபோர்டையும் எதிர்பார்த்து நிற்கும். உங்கள் கருவியோ ஒரு கேம் திறந்தது என்று நினைத்து, ஸ்டிக்கையும் பட்டன்களையும் கன்ட்ரோலராக மாற்றிவிடுகிறது. கன்ட்ரோலர் பேசும் மொழி லாஞ்சருக்குத் தெரியாது. இரண்டிலும் பழுதில்லை, ஒன்று சொல்வது மற்றொன்றின் காதில் விழவில்லை, அவ்வளவுதான்.

ஆலியில் திரைக்கு இடப்பக்கம் உள்ள கமாண்ட் சென்டர் பட்டனை அழுத்தினால் ஓரத்தில் ஒரு பட்டியல் வரும். அதில் 'Control Mode' என்ற கட்டம் 'Auto' என்று இருக்கும். அதைத் தட்டி 'Desktop' ஆக்குங்கள். இப்போது வலது ஸ்டிக் மவுஸ் அம்பை நகர்த்தும். திரையை விரலால் தட்டினாலும் கிளிக்தான், உண்மையில் அதுவே சுலபம். லாகின் கட்டத்தைத் தட்டியும் எழுத்துப் பலகை எழவில்லை என்றால் அதே பட்டியலில் கீபோர்டு கட்டம் இருக்கும், அதை அழுத்துங்கள். அந்தப் பலகை பாதித் திரையை மறைக்கும், பாஸ்வேர்டு கட்டம் அதன் அடியில் போய் ஒளிந்துகொள்ளும். வெறுத்துப் போகும். வீட்டில் புளூடூத் கீபோர்டு ஒன்று இருந்தால் இந்த ஒரு தடவைக்கு அதை இணைத்துவிடுவது எவ்வளவோ மேல். பாஸ்வேர்டு போட்டு, போனுக்கு வரும் குறியீட்டையும் போட்டு, என்னை நினைவில் வை என்பதற்கான கட்டத்தையும் மறக்காமல் தட்டிவிடுங்கள். அடுத்த முறை பெரும்பாலும் அது தானாகவே தாண்டிப் போகும்.

கேம் உள்ளே வந்ததும் கன்ட்ரோல் மோடைத் திரும்ப 'Gamepad' ஆக்க வேண்டும். இதை மறப்பவர்கள் ஏராளம். மறந்தால் கேம் 'Press Enter' என்று கேட்கும், ஸ்டிக்கை அசைத்தால் அம்பு மட்டும் நகரும், கன்ட்ரோலர் செத்துவிட்டதோ என்று மனசு பதறும்.

இதில் இன்னொரு கண்ணாமூச்சியும் உண்டு. லாஞ்சர் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது விண்டோஸ் அனுமதி கேட்டு ஒரு 'Yes', 'No' பெட்டியைக் காட்டும். ஸ்டீம் முழுத்திரையாக இருந்தால் சில சமயம் அந்தப் பெட்டி பின்னால் டாஸ்க்பாரில் மின்னிக்கொண்டே காத்திருக்கும். முன்னால் உங்களுக்குத் தெரிவதோ கருப்புத் திரை மட்டும். அதனால் லாஞ்சர் உள்ள கேமை முதல் தடவை டெஸ்க்டாப்பிலிருந்தே திறங்கள், ஸ்டீமின் முழுத்திரை முகப்பு வேண்டாம்.

சில கேம்களில் லாஞ்சரையே தவிர்த்துவிடலாம். ஸ்டீம் லைப்ரரியில் கேமின் பல்சக்கரக் குறியைத் தட்டி 'Properties', 'General' என்று போனால் 'Launch Options' என்று ஒரு கட்டம் இருக்கும். சைபர்பங்க் 2077-க்கு அதில் இதை எழுதினால் போதும்:

```
--launcher-skip
```

பால்டர்ஸ் கேட் 3-க்கு இது:

```
--skip-launcher
```

ஆமாம், சொற்கள் இடம் மாறித்தான் இருக்கின்றன, அச்சுப்பிழை இல்லை. ராக்ஸ்டார் லாஞ்சரை இப்படித் தாண்ட முடியாது. கேமின் உரிமையைச் சரிபார்ப்பதே அதுதான்.

லாகின் வேலைக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். அதற்குள் கேமின் உள்ளே போக முடியவில்லை என்றால் மூடிவிட்டு ஸ்டீமின் உதவிப் பக்கத்தில் பணத்தைத் திரும்பக் கேளுங்கள். 'கையடக்கக் கருவியில் லாஞ்சரைத் தாண்ட முடியவில்லை' என்று ஒரு வரி எழுதினால் போதும். பன்னிரண்டு நாள் கணக்கு கருவிக்குத்தான். கேம் வாங்கிய தேதியைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி இழுத்து இழுத்து ஓடும் கேம். ஆலியில் மூன்று மோடு உண்டு. 'Silent' என்பதில் சிப்புக்கு 10 வாட், 'Performance' என்பதில் 15, 'Turbo' என்பதில் 25. சரியான சார்ஜர் சொருகியிருந்தால் டர்போ 30 வாட் வரை போகும். 'Silent' மோடின் 10 வாட்டைப் பிராசஸரும் கிராஃபிக்ஸும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். பழைய கேமுக்கும் சின்னச் சின்ன இண்டி கேமுக்கும் அது தாராளம். பெரிய கேமுக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. குறைந்த வாட்டில் கேம் உடைந்துபோவது அபூர்வம், மெதுவாகத்தான் ஆகும். ஆனால் முதல் தடவை திறக்கும்போது பல கேம்கள் ஷேடர்களை, அதாவது காட்சியை வரைய உதவும் குட்டிப் புரோகிராம்களைத் தயாரிக்கும். முழுக்கப் பிராசஸர் வேலை அது. 10 வாட்டில் அது நீண்டுகொண்டே போகும், திரை உறைந்த மாதிரி இருக்கும், 'Not responding' என்றுகூட விண்டோஸ் எழுதும். நாம் பொறுமை இழந்து மூடிவிடுவோம். அடுத்த தடவை மறுபடி அதே கதை. "அப்படியே நின்றும் போனது" என்று நீங்கள் எழுதியது இதுவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. முதல் திறப்பைச் சார்ஜர் சொருகி டர்போவில் வைத்துவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

சரி, எப்போதும் டர்போவிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். ஆலியின் பேட்டரி 40 வாட்-மணி. சிப்புக்கே 25 வாட், திரை, மின்விசிறி மற்றதற்கெல்லாம் இன்னும் சில வாட் என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடினாலே பெரிது. பேருந்தில் விளையாட 15 வாட்டில் வைத்து கேமின் கிராஃபிக்ஸைக் குறைப்பதுதான் நடைமுறை.

உங்கள் சார்ஜர் மீதுதான் எனக்குப் பலமான சந்தேகம். 67 வாட் என்று அட்டையில் போட்டிருப்பது அந்தக் கம்பெனி போனுக்கும் அதன் கேபிளுக்கும் இடையே உள்ள தனி ஒப்பந்தம். மற்ற கருவியைச் சொருகினால் அதே சார்ஜர் அதில் ஒரு பங்கை மட்டும் கொடுக்கலாம். கணினிக்கு வேண்டியது யுஎஸ்பி பவர் டெலிவரி முறையில் 65 வாட். சார்ஜர் உடம்பில் பொடி எழுத்தில் 'Output' என்ற வரியைப் படியுங்கள். 'PD' என்று குறிப்பிட்டு 20V 3.25A என்று இருந்தால் நல்லது. 10V 6.5A மாதிரி எண் மட்டும் இருந்தால் அது போனுக்கானது. சார்ஜர் போதவில்லை என்பதற்கு நேரடி அடையாளம், சொருகியிருக்கும்போதே பேட்டரி சதவீதம் இறங்குவது. பெட்டியில் கூட வந்த சார்ஜரை எங்கே வைத்தீர்கள் என்று தேடுங்கள்.

பீஸில் உண்மையிலேயே குறை உண்டா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. பெட்டியில் வந்த சார்ஜரைச் சொருகி, டர்போ போட்டு, கமாண்ட் சென்டரில் 'Real-Time Monitor' என்பதைத் திறந்து, கனமான அந்தக் கேமைப் பதினைந்து நிமிடம் ஓட்டுங்கள். வாட் எண் 25-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ நின்று கேம் சரளமாக ஓடினால் கடைக்காரர் சொன்னது உண்மை, திருப்பிக் கொடுக்க உங்களிடம் காரணம் இல்லை. காத்திருக்கும் இடங்களில், மெனுவில் வாட் இறங்குவது இயல்பு, அதைக் குறையாக எடுக்காதீர்கள். டர்போ போட்டும் ஓட்டத்தின் நடுவே வாட் 10-ஐத் தாண்டவே மாட்டேன் என்றாலோ, கருவி தானாக அணைந்தாலோ அது வேறு விஷயம். திரையில் அந்த எண்கள் தெரியும்படி போனில் வீடியோ எடுத்து, பில்லோடு சர்வீஸ் சென்டரில் கொடுத்து, ஜாப் ஷீட் வாங்குங்கள். அதன் பிறகும் கடையும் கம்பெனியும் இழுத்தடித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அந்த வீடியோவும் ஜாப் ஷீட்டும் கையில் இருந்தால் புகாரில் எழுத விஷயம் இருக்கும், "கேம் ஓடவில்லை" என்ற ஒரு வரியோடு போனால் இராது.

அடுத்த கேம் வாங்கும் முன் அதன் ஸ்டீம் பக்கத்தின் வலது ஓரத்தை ஒரு நிமிடம் பாருங்கள். 'Requires 3rd-Party Account' என்று இருந்தால் லாஞ்சரோ தனிக் கணக்கோ காத்திருக்கிறது. அங்கேயே ஸ்டீம்காரர்களின் சொந்த ஹேண்ட்ஹெல்டான ஸ்டீம் டெக்குக்கு அந்தக் கேம் பொருந்துமா என்பது பற்றிய பகுதியையும் விரித்துப் பாருங்கள். உங்கள் கருவி ஸ்டீம் டெக் இல்லைதான், ஆனாலும் லாஞ்சருக்குத் தொடுதிரை அல்லது எழுத்துப் பலகை தேவைப்படலாம், எழுத்து பொடியாக இருக்கும் என்பதையெல்லாம் அவர்கள் அங்கே கேம்வாரியாக எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தத் தொல்லை உங்கள் கருவியிலும் அப்படியே வரும்.