நான்கு அலுவலகம், நான்கு ஒப்பந்தம்: அட்டவணையை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: எங்கள் நிறுவனத்துக்குச் சென்னையிலும் கோவையிலும் நான்கு வாடகை அலுவலகங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு ஒப்பந்தமும் ஒவ்வொரு விதமாக எழுதப்பட்டிருக்கிறது. வாடகை, வாடகை உயர்வு, லாக்-இன் காலம், காலி செய்யும் நிபந்தனை எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் கேட்கிறார் நிர்வாக இயக்குநர். எப்படித் தயாரிப்பது?

பதில்: ஒப்பந்தத்தில் உள்ள சொற்களை அப்படியே கட்டங்களில் எழுதாதீர்கள். "லாக்-இன் 36 மாதம்" என்று நான்கு வரிசையிலும் இருந்தாலும் நான்கும் வெவ்வேறு நாளில் முடியும். ஒவ்வொரு நிபந்தனையையும் ஒரு தேதியாகவோ ஒரு தொகையாகவோ மாற்றி எழுதுங்கள். பக்கத்துக் கட்டத்தில் அது எந்தப் பிரிவில் இருக்கிறது என்ற எண்ணும் இருக்கட்டும். யாராவது சந்தேகம் கேட்டால் உடனே எடுத்துக் காட்டலாம்.

முதலில் தேட வேண்டியது தொடக்கத் தேதி. பெரும்பாலான அலுவலக ஒப்பந்தங்களில் இரண்டு தேதிகள் இருக்கும்: குத்தகை தொடங்கும் நாள், வாடகை தொடங்கும் நாள். உள்வேலைகளுக்காக வாடகையில்லாத ஓரிரு மாதங்கள் தரப்படுவதால் இந்த இடைவெளி வருகிறது. லாக்-இன் எந்த நாளிலிருந்து ஓடுகிறது, உயர்வு எந்த நாளிலிருந்து கணக்கிடப்படுகிறது என்பதைத் தனித்தனியே பாருங்கள். இரண்டும் ஒரே நாளாக இருக்க வேண்டும் என்பதில்லை.

ஓர் உதாரணம். கிண்டியில் 3,000 சதுர அடி, சதுர அடிக்கு 70 ரூபாய், மாதம் 2,10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாடகை தொடங்கியது 2024 ஜூன் 1. லாக்-இன் 36 மாதம், நோட்டீஸ் 3 மாதம், 36 மாதத்துக்கு ஒருமுறை 15% உயர்வு. லாக்-இன், உயர்வு இரண்டும் வாடகை தொடங்கிய நாளிலிருந்தே கணக்கிடப்படுபவை என்றால், லாக்-இன் 2027 மே 31 அன்று முடிகிறது. அப்படியானால் அன்றே காலி செய்துவிட முடியுமா? அதற்கு நோட்டீஸ் பிரிவைப் படிக்க வேண்டும். "லாக்-இன் முடிந்த பிறகு நோட்டீஸ் கொடுத்து" என்றிருந்தால் ஆகஸ்ட் 31 வரை காத்திருக்க வேண்டும். அந்த மூன்று மாதங்களுக்கு உயர்த்தப்பட்ட வாடகையான 2,41,500 ரூபாய் வீதம் 7,24,500 ரூபாய் ஆகிறது. லாக்-இன் காலத்துக்குள்ளேயே நோட்டீஸ் கொடுக்கலாம் என்றிருந்தால் இந்தச் செலவே இல்லை. ஆகவே லாக்-இன் முடியும் நாளையும், முதலில் வெளியேறக்கூடிய நாளையும் தனித்தனிக் கட்டங்களில் எழுதுங்கள். எக்செல்லில் C2-இல் வாடகை தொடங்கிய நாள், D2-இல் லாக்-இன் மாதங்கள், E2-இல் நோட்டீஸ் மாதங்கள் என்று வைத்தால்:

```
=EDATE(C2,D2)-1
=EDATE(C2,D2+E2)-1
```

முதல் வரி லாக்-இன் முடியும் நாளைத் தரும். இரண்டாவது, லாக்-இன் முடிந்த பிறகுதான் நோட்டீஸ் கொடுக்க முடியும் என்ற நிலையில் வெளியேறும் நாள்.

உயர்வைச் சதவீதமாக மட்டும் எழுதினால் ஒப்பிட முடியாது. ஆண்டுக்கு 5%, மூன்றாண்டுக்கு ஒருமுறை 15% என்ற இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். மாதம் 90,000 ரூபாய் வாடகையில் ஆண்டுக்கு 5% என்றால் இரண்டாம் ஆண்டு 94,500, மூன்றாம் ஆண்டு 99,225. முதல் மூன்று ஆண்டுகளில் மட்டும் மற்றதைவிட 1,64,700 ரூபாய் கூடுதலாகப் போகிறது. எனவே ஆண்டுவாரியாக ரூபாயில் எழுதுங்கள். உயர்வு கடைசியாகக் கொடுத்த வாடகையின் மீதா, தொடக்க வாடகையின் மீதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

வெளியேறும் செலவுக்கு எல்லா அலுவலகங்களுக்கும் பொதுவாக ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். 2026 டிசம்பர் 31 அன்று வெளியேறுவதாக வைத்துக்கொண்டால், கிண்டி அலுவலகத்துக்கு லாக்-இன்னில் மிச்சம் ஐந்து மாத வாடகை, அதாவது 10,50,000 ரூபாய். வழக்கு என்று போனால், இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் குறித்த தொகைக்கு மேற்படாத நியாயமான இழப்பீட்டையே நீதிமன்றம் தரும். ஆனாலும் அட்டவணையில் முழுத் தொகையையே போடுங்கள். திட்டமிட அதுதான் பாதுகாப்பு. அதோடு இடத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவு யாருடையது, அட்வான்ஸ் எப்போது திரும்பும் என்ற இரண்டையும் சேருங்கள். லாக்-இன் இரு தரப்பையும் கட்டுப்படுத்துகிறதா, உங்களை மட்டுமா என்றும் ஒரு கட்டம் வேண்டும். உரிமையாளர் எப்போது வேண்டுமானாலும் காலி செய்யச் சொல்லலாம் என்றால், வாடகை குறைவாக இருந்தாலும் அந்த இடத்தை நம்பித் திட்டமிட முடியாது.

இத்தனையும் எழுதும் முன் ஒவ்வொரு கோப்பிலும் பின்னால் கையெழுத்தான துணை ஒப்பந்தங்களையும், வாடகை மாற்றிய கடிதங்களையும் தேடுங்கள். அவை மூல ஒப்பந்தத்தின் பிரிவுகளை மாற்றியிருக்கலாம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்யப்பட வேண்டியது. பதிவாகாதது ஏதேனும் இருந்தால் அந்த வரிசையைச் சிவப்பில் குறித்து, லாக்-இன் செல்லுமா என்பதை வழக்கறிஞரிடம் கேட்ட பிறகே அந்தக் கட்டத்தை நிரப்புங்கள்.