வள்ளியூர் பக்கத்து ஊர் வீட்டில் ஆச்சி வாங்கிய சம்மனும், சென்னையில் இருந்த அப்பாவும்

கேள்வி: அப்பா 15 வருஷமாக சென்னையில் கடை வைத்திருக்கிறார். ஊர் வீட்டில் ஆச்சி மட்டும்தான் இருக்கிறார். அப்பா பேரில் யாரோ புரோநோட்டு வழக்குப் போட்டு எக்ஸ்பார்ட்டி டிகிரியும் வாங்கிவிட்டார்கள். போன வாரம் நிலத்தை ஜப்தி செய்ய நோட்டீஸ் வந்த பிறகுதான் எங்களுக்கே தெரியும். சம்மனை ஆச்சி கைநாட்டு வைத்து வாங்கியிருக்கிறாராம். இனி ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், ஆனால் நாட்களை எண்ணத் தொடங்கிவிடுங்கள். நான் இந்தப் பக்கத்துக் கோர்ட்டுகளில் பல வருஷம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன். திருநெல்வேலிச் சீமையில் பாதி ஊர் சென்னையிலும் மும்பையிலும் பிழைக்கிறது. சம்மன் மட்டும் ஊர் வீட்டுக்கே வரும். அதனால் உங்கள் வீட்டு நிலைமையில் வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். அப்பா வராததால் ஒருதலையாகக் கொடுத்த இந்த டிகிரியை ரத்து செய்யப் போடும் மனுவில், அவர் கடன் வாங்கினாரா இல்லையா என்பது கேள்வியே இல்லை. அவர் ஏன் கோர்ட்டுக்கு வரவில்லை என்பதுதான் கேள்வி. உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 9 விதி 13 இரண்டே வழிகளைக் காட்டுகிறது. ஒன்று, சம்மன் முறைப்படி சார்பாகவில்லை, அதாவது பிரதிவாதியிடம் சேர்க்கப்படவில்லை என்பது. மற்றொன்று, சம்மன் கிடைத்தும், அன்றைக்கு வர முடியாதபடி போதிய காரணம் இருந்தது என்பது. உங்களுடையது முதல் வழி.

ஆச்சி வாங்கியது ஏன் போதாது என்று கேட்பீர்கள். பிரதிவாதி வீட்டில் இல்லை, சீக்கிரம் வருவதற்கும் வாய்ப்பில்லை என்றால், அவரோடு குடியிருக்கும் வயதுவந்த குடும்பத்தாரிடம் சம்மன் கொடுக்கலாம் என்றுதான் சட்டம் சொல்கிறது. 'அவரோடு குடியிருக்கும்' என்ற சொல்லில்தான் உங்கள் பலம் இருக்கிறது. ஆச்சி ஊரிலும் அப்பா சென்னையிலும் இருக்கும்போது, ஆச்சியிடம் கொடுத்தது அப்பாவிடம் கொடுத்ததாகாது என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது. ஆனால் அப்பா உண்மையில் சென்னைவாசி என்பதைக் காகிதத்தில் காட்ட வேண்டும். ஆதார், ரேஷன் கார்டு, கடை வாடகைப் பத்திரம், கரண்ட் பில் எதுவானாலும் சரி, அந்த வருஷத்துத் தேதி உள்ளதாகப் பாருங்கள்.

நாங்கள் நடத்திய ஒரு வழக்கைச் சொல்கிறேன். நாங்குநேரிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் மும்பையில் பலசரக்குக் கடையில் வேலை பார்த்தார். 85,000 ரூபாய் புரோநோட்டு வழக்கு. 2018 மார்ச்சில் சம்மன் கொடுக்கும் கோர்ட் ஊழியரான அமீனா ஊருக்குப் போயிருக்கிறார், வீடு பூட்டியிருந்திருக்கிறது. சம்மனைக் கதவில் ஒட்டிவிட்டு வந்துவிட்டார். ஆகஸ்டில் டிகிரி ஆனது. 2020 பிப்ரவரி 3-ஆம் தேதி 30 சென்ட் நிலத்துக்கு ஜப்தி நோட்டீஸ் வந்தபோது, தம்பி போன் செய்துதான் அண்ணாச்சிக்கே தெரியும். ஓடி வந்தவர், "நான் பம்பாயில கெடந்தேன், எனக்கு எப்படித் தெரியும் வக்கீலய்யா?" என்று கேட்டார்.

வக்கீல் எங்களிடம் முதலில் வாங்கச் சொன்னது சம்மன் ரிட்டர்னின் சான்றிட்ட நகலைத்தான். சம்மனை என்ன செய்தேன் என்று அமீனா எழுதித் திருப்பியனுப்புவது அது. நீங்களும் டிகிரி நகலோடு இதற்கும் சேர்த்து மனுப் போடுங்கள். கதவில் ஒட்டுவது என்றால், அது பிரதிவாதி வழக்கமாகக் குடியிருக்கும் வீடாக இருக்க வேண்டும். வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டியது என்று பெயரும் விலாசமும் எழுத வேண்டும். அந்த ரிட்டர்னில் 'வீடு பூட்டியுள்ளது, கதவில் ஒட்டப்பட்டது' என்ற ஒரு வரிதான் இருந்தது. சாட்சி பெயர் இல்லை.

எதிர்த்தரப்பு வக்கீலும் லேசுப்பட்டவர் இல்லை. ரிட்டர்னில் குறை இருந்தாலும், வழக்கு விசாரணைத் தேதி பிரதிவாதிக்குத் தெரிந்திருந்து, வந்து பதில் சொல்ல அவகாசமும் இருந்திருந்தால், வெறும் குறைக்காக டிகிரியை ரத்து செய்யக் கூடாது என்று அதே விதியில் ஒரு வரம்பு இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டார். "வருஷா வருஷம் பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்கு வருவீர்கள்தானே? அப்போது கதவில் ஒட்டியிருந்ததைப் பார்த்திருப்பீர்களே?" என்று குறுக்கு விசாரணையில் கேட்டார். நம் ஊரில் இந்தக் கேள்வி எல்லோருக்கும் வரும். அந்த வருஷம் அண்ணாச்சியின் மனைவிக்கு மும்பையில் பிரசவம். ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டும், கடையின் சம்பளப் பதிவேடும் காப்பாற்றின. உங்கள் அப்பாவும் கோயில் கொடைக்கோ கல்யாணத்துக்கோ அந்த நாட்களில் ஊருக்கு வந்திருந்தால், அதை முதலிலேயே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். மறைத்துவிட்டு விசாரணையில் மாட்டினால் மொத்த மனுவும் போய்விடும்.

இப்போது நாட்கணக்கு. மனுவை 30 நாளில் போட வேண்டும். சம்மன் முறைப்படி சார்பாகியிருந்தால் அது டிகிரி தேதியிலிருந்து, இல்லையென்றால் டிகிரி பற்றித் தெரிந்த நாளிலிருந்து. அண்ணாச்சிக்கு பிப்ரவரி 3-இல் தெரிந்தது, 26-இல் மனுப் போட்டோம், 23 நாள். உங்களுக்கும் ஜப்தி நோட்டீஸ் வந்த தேதிதான் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவேளை ஆச்சி வாங்கியது செல்லும் என்று கோர்ட் முடிவு செய்துவிட்டால் கணக்கு டிகிரி தேதிக்குப் போய்விடும், தாமதம் நூற்றுக்கணக்கான நாளாகும். அதனால் தாமத மன்னிப்பு மனுவையும் கூடவே போடலாமா என்று வக்கீலிடம் கேளுங்கள். பின்னால் நினைத்து வருந்துவதைவிட இது நல்லது.

இன்னொன்று. மனுப் போட்டதாலேயே ஜப்தி நிற்காது. நிறைவேற்றத்துக்குத் தடை கேட்டுத் தனி மனு வேண்டும். அதற்குக் கோர்ட் டிகிரித் தொகையில் ஒரு பகுதியைக் கட்டச் சொல்லலாம், அந்தப் பணத்துக்கு இப்போதே ஏற்பாடு செய்யுங்கள்.

அண்ணாச்சியின் மனு அனுமதிக்கப்பட்டது, ஆனால் எதிர்த்தரப்புக்கு 3,000 ரூபாய் செலவுத்தொகை கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. குறித்த தேதிக்குள் கொடுக்காவிட்டால் மனு தள்ளுபடி. அந்தத் தேதியைக் கோட்டைவிட்டு, ஜெயித்த மனுவைத் தோற்றவர்களையும் பார்த்திருக்கிறேன். செலவுத்தொகையைக் கொடுத்த பிறகு டிகிரி ரத்தாகி, வழக்கு பழைய நம்பரிலேயே திரும்ப எழுந்தது. அண்ணாச்சி எதிருரை தாக்கல் செய்தார். பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தும் நோட்டின் பின்னால் வரவு எழுதி வாங்காமல் விட்டிருந்தார். அதைச் சொல்ல அவருக்கு அப்போதுதான் வாய்ப்பே கிடைத்தது.

உங்கள் வழக்கில் ஒரு இடம் எனக்கு உறுத்துகிறது. அப்பாவோ அவர் சார்பில் யாரோ அந்த வழக்கில் வக்காலத்து போட்டிருக்கிறார்களா என்று கோர்ட்டில் வழக்குக் கட்டைப் பார்த்துவிட்டீர்களா? அப்பாவின் கையெழுத்தோடு வக்காலத்து இருந்தால் 'சம்மன் கிடைக்கவில்லை' என்ற வாதம் நிற்காது. அப்போது இரண்டாவது வழிக்குத்தான் போக வேண்டும், 30 நாளும் டிகிரி தேதியிலிருந்துதான். அதைப் பார்க்காமல் மனுவில் ஒரு வரிகூட எழுத வேண்டாம். திங்கட்கிழமை காலையிலேயே ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு போய்க் கட்டைப் பாருங்கள்.