வேலை நேரத்துக்கு வெளியே நேர்காணல் கேட்பது

"திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனமொன்றில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். கோவை நிறுவனம் புதன் காலை 11 மணிக்கு நேர்காணலுக்கு அழைக்கிறது. ஷிப்மென்ட் நேரம், விடுப்பு கிடைக்காது. 60 நாள் நோட்டீஸ் வேறு. நேரம் மாற்றிக் கேட்கலாமா?"

வணக்கம். தாராளமாகக் கேட்கலாம், அழைப்பு வந்த அன்றே கேட்டுவிடுங்கள். "மாலையில் எப்போது வேண்டுமானாலும்" என்று எழுதினால், நேர்காணல் எடுக்கும் மேலாளரின் நேரத்தோடு பொருத்திப் பார்க்க மனிதவளத் துறையினருக்குப் பிடிமானம் இருக்காது. ஆகவே இப்படி எழுதுங்கள்: "தற்போதைய பணியின் காரணமாகப் புதன் 11 மணிக்கு வர இயலவில்லை. அன்று காலை 8 மணிக்கோ, வியாழன் இரவு 7.30-க்கோ வீடியோ அழைப்பில் பேச முடியும். நேரில் வர வேண்டுமெனில் சனிக்கிழமை பிற்பகல் கோவைக்கு வருகிறேன். என் நோட்டீஸ் காலம் 60 நாட்கள்." திருப்பூரிலிருந்து கோவை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் என்பதால், வேலை முடிந்து அவசரமாகப் பேருந்து ஏறி வருவதாக ஒப்புக்கொள்ளாதீர்கள். அலுவலக மின்னஞ்சலையும் மடிக்கணினியையும் இதற்குப் பயன்படுத்த வேண்டாம்.

நோட்டீஸை மறைப்பதுதான் பின்னால் பெரிய சிக்கலாகிறது. நியமனக் கடிதத்தில், எஞ்சிய நாட்களுக்கு ஊதியத்தைக் கட்டிவிட்டு முன்பே விலக இடமிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முழு 60 நாட்களையும் கணக்கில் வைத்தே சேரும் தேதியைச் சொல்லுங்கள். ஜூன் 12 அன்று ராஜினாமா கொடுத்து, அந்த நாளையும் சேர்த்து எண்ணினால், கடைசி நாள் ஆகஸ்ட் 10. ஊதியமும் சேரும் தேதியும் குறிப்பிட்ட பணி நியமன உத்தரவு எழுத்தில் கைக்கு வரும்வரை ராஜினாமாவைக் கொடுக்காதீர்கள்.