குனிந்தால் வலிக்கிற பல்லைப் பிடுங்க வேண்டாம்

கேள்வி: எனக்கு 46 வயது. ஐந்து நாளாகத் தடிமன். மூன்றாம் நாளிலிருந்து வலப் பக்கத்து மேல் கடைவாய்ப் பற்கள் மூன்று நான்கும் சேர்ந்து உளைகின்றன, கன்னமும் நெற்றியும் பாரமாக இருக்கின்றன. விடிய முற்றம் கூட்டக் குனிந்தால் பல்லும் தலையும் வெடிக்கிற மாதிரி இருக்கிறது. பிரஷருக்கு ஒரு குளிசை போடுகிறேன். இவரும் மகன்மார் இரண்டு பேரும் பல்லைப் பிடுங்கிவிடு என்கிறார்கள். வெள்ளிக்கிழமைக்குப் பல் டொக்டரிடம் நம்பர் எடுத்திருக்கிறேன். பிடுங்கலாமா?
- ஒரு வாசகி, கோப்பாய்

பதில்: பிடுங்க வேண்டாம். அதை நான் பிறகு விளக்குகிறேன், முதலில் எனக்கு ஒன்றைச் சொல்லுங்கள் தங்கச்சி. வீட்டில் வளர்ந்த ஆம்பிளைகள் மூன்று பேர் இருக்கிறார்கள், மூன்று பேருக்கும் உங்கள் பல்லைப் பிடுங்கச் சொல்ல வாய் இருக்கிறது, விளக்குமாற்றைப் பிடிக்க மட்டும் கை இல்லையா? ஐந்து நாள் தடிமனோடு விடிகாலைப் பனியில் குனிந்து முற்றம் கூட்டுகிறீர்கள். அதை ஏதோ நேரத்தைக் குறிக்கிற மாதிரிப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கடிதத்தில் எனக்குத் தேவையான விஷயமே அந்த ஒரு வரிதான்.

ஏன் என்று சொல்கிறேன். மூக்குக்கு இரண்டு பக்கமும் கன்ன எலும்புக்குள்ளே பக்கத்துக்கு ஒரு காற்றறை இருக்கிறது, அதைத்தான் சைனஸ் என்கிறோம். அந்த அறையின் தரைக்கு நேர் கீழே மேல் கடைவாய்ப் பற்களின் வேர்கள் நிற்கின்றன. நடுவில் இருப்பது மெல்லிய எலும்பு, சிலருக்கு அதுவும் இல்லை, வெறும் சவ்வுதான். அந்தப் பற்களுக்குப் போகிற நரம்பும் அதே அறையின் சுவரோடுதான் ஓடுகிறது. ஆகவே அறைக்குள்ளே வீக்கம் வந்தால் பல்தான் கத்துகிறது என்று மூளை நினைத்துக்கொள்கிறது. இன்னொரு சங்கடமும் உண்டு. அந்த அறையில் சேர்கிற சளி வெளியே போகிற வாசல் தரையோடு இல்லை, உச்சியில் இருக்கிறது, அதுவும் சில மில்லிமீட்டர் அகலம்தான். தடிமனில் சவ்வு வீங்கினால் முதலில் அடைபடுவது அதுதான். இப்போது தலையைக் குனியுங்கள். வீங்கிக் கிடக்கிற சவ்வுக்கு இரத்தம் இறங்குகிறது, அழுத்தம் கூடுகிறது, பல்வரிசை முழுக்க விண்விண் என்கிறது. நெற்றியிலும் இதே மாதிரி அறை இருப்பதால்தான் தலையும் சேர்ந்து இடிக்கிறது.

சூத்தைப் பல் இப்படிக் குணம் காட்டாது. அது பெரும்பாலும் ஒற்றைப் பல்லாகத்தான் வலிக்கும், தடிமன் வரும் வரை காத்திருக்கவும் மாட்டாது. சந்தேகம் இருந்தால் வீட்டிலேயே பாருங்கள். ஒரு தேக்கரண்டியின் காம்பால் அந்தப் பக்கத்துப் பற்களை ஒவ்வொன்றாக மெல்லத் தட்டுங்கள். எல்லாம் ஒரே மாதிரி உளைந்தால் சைனஸ் பக்கம் சாயலாம். ஒரு பல் மட்டும் துள்ள வைத்தால், அல்லது குளிர்ந்த தண்ணீர் பட்டு அந்த ஒரு பல்லின் கூச்சம் போகாமல் நின்றால், குற்றவாளி பல்தான். அப்புறம், கீழ்ப் பல் வலித்தால் சைனஸைக் குறை சொல்ல வேண்டாம், அதன் வேருக்கும் இந்த அறைக்கும் தொடர்பு இல்லை.

எங்கள் பெரியக்காவின் கதை ஒன்று இருக்கிறது. நல்ல மாரிக்குள்ளே அவவுக்குத் தடிமன், மேல்பல் உளைவு, வீட்டில் எல்லாரும் "பிடுங்கினால் சரி" என்றார்கள். அவவும் போய் நாற்காலியில் இருந்து இந்தப் பல்தான் என்று விரலால் காட்டினா. பிடுங்கியும் விட்டார்கள். சூத்தை இல்லாத நல்ல பல். நாலைந்து நாளில் தடிமன் இறங்கியது, உளைவும் இறங்கியது, பல்லைப் பிடுங்கியதால்தான் சுகம் என்று அவ ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தா. பல் வாயில் இருந்திருந்தாலும் அதே நாளில்தான் உளைவு போயிருக்கும். அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. தேத்தண்ணி குடித்தால் மூக்கால் வரத் தொடங்கியது. வேர் வெளியே வந்தபோது அந்த மெல்லிய தரையும் கிழிந்து, வாய்க்கும் சைனஸுக்கும் நடுவில் ஓட்டை விழுந்துவிட்டது. அதைத் தைத்து மூடத் திரும்பவும் அலைந்தா. மேல் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும்போது இப்படி நடக்கலாம் என்பது பல் டொக்டர்மாருக்குத் தெரிந்த சங்கதிதான், அதனால்தான் தேவையில்லாமல் அந்த இடத்தில் கை வைக்கக் கூடாது என்கிறேன்.

சரி, வலிக்கு என்ன செய்வது? பரசிற்றமோல் 500 மில்லிகிராம் குளிசை இரண்டு போடலாம், அடுத்த முறைக்கு ஆறு மணித்தியாலம் விட வேண்டும், ஒரு நாளில் எட்டுக் குளிசைக்கு மேல் கூடாது. ஈரல் வருத்தம் இருப்பவர்கள் டொக்டரைக் கேட்காமல் இந்தக் கணக்கைப் பின்பற்ற வேண்டாம். மருந்துக்கடையில் தடிமனுக்கென்று தருகிற பல குளிசைகளுக்குள்ளேயும் இதே பரசிற்றமோல் இருக்கிறது, இரண்டையும் சேர்த்து விழுங்கினால் கணக்குத் தப்பிவிடும். அதே குளிசைகள் சிலவற்றில் மூக்கடைப்பை எடுக்கிற மருந்தும் கலந்திருக்கும், அது பிரஷரை ஏற்றும். நீங்கள் பிரஷருக்கு மருந்து எடுக்கிற ஆள் என்று கடையில் வாயைத் திறந்து சொல்லுங்கள். மூக்குக்குள் விடுகிற அடைப்பு மருந்தும் அப்படித்தான், கேட்டுவிட்டுத்தான் விட வேண்டும், விட்டாலும் மூன்று நாளோடு நிறுத்துங்கள். நாள் கூடினால் மருந்து இல்லாமல் மூக்குத் திறக்காது என்ற நிலைக்கு வந்துவிடுவீர்கள். உடம்பு சுட்டால் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அஸ்பிரின் பக்கம் போகவே வேண்டாம். மாரி காலத்து யாழ்ப்பாணத்தில் எந்தக் காய்ச்சலும் டெங்குவாக இருக்கலாம், அப்படி இருந்தால் இந்த மருந்துகள் இரத்தப்போக்கைக் கூட்டிவிடும்.

மருந்தை விட நான் நம்புவது உப்புத் தண்ணியை. தண்ணியைக் கொதிக்க வைத்து, நன்றாகக் கொதித்த பிறகும் ஒரு நிமிடம் விட்டு, மூடி ஆற விடுங்கள். ஒரு தம்ளருக்கு, அதாவது 250 மில்லிலீற்றருக்கு, அரைத் தேக்கரண்டி உப்பும் ஒரு சிட்டிகை அப்பச் சோடாவும் போதும். எரிந்தால் உப்பைக் குறையுங்கள். ஊசி இல்லாத 20 மில்லிலீற்றர் சிரிஞ்ச் மருந்துக்கடையில் கிடைக்கும். தொட்டிக்கு மேல் லேசாகச் சாய்ந்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு மேலே இருக்கிற மூக்குத் துவாரத்தில் மெல்ல விடுங்கள், மற்றத் துவாரத்தால் சளியோடு வழியும். ஆழக் குனியத் தேவையில்லை. பிறகு ஒவ்வொரு பக்கமாக மெல்லச் சிந்துங்கள், இரண்டையும் பொத்திக்கொண்டு பலமாகச் சிந்தினால் சளி திரும்ப உள்ளேதான் ஏறும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை செய்யலாம். கிணற்றுத் தண்ணியைப் பச்சையாக மூக்கில் ஏற்றாதீர்கள், உங்கள் கிணறு எவ்வளவு நல்ல தண்ணிக் கிணறாக இருந்தாலும் சரி. கொதிக்காத தண்ணியில் இருக்கக்கூடிய ஒரு வகை அமீபா மூக்கு வழியாக மூளைக்குப் போனால் ஆள் தப்புவது அருமை. அது மிக அரிதாகத்தான் நடக்கும், ஆனாலும் அடுப்பு இருக்கிற வீட்டில் அந்தப் பயம் எதற்கு?

வேது பிடிக்கலாமா என்று அடுத்ததாகக் கேட்பீர்கள். பிடியுங்கள், நொச்சியும் தேசி இலையும் போட்டால் மணமாக இருக்கும், மூக்குக் கொஞ்ச நேரம் இளகும். அதற்கு மேல் அது ஒன்றும் குணமாக்காது. பானையை மேசையில் வைத்துப் பிடியுங்கள், மடியிலோ பாயிலோ வேண்டாம், வேது பிடிக்கப் போய்த் தொடை வெந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சுடுதண்ணியில் பிழிந்த துணியைக் கன்னத்தில் வைத்தாலும் இதே சுகம்தான். இரவில் இரண்டு தலையணை வைத்து, உளைகிற பக்கம் மேலே இருக்கும்படி இடப் பக்கம் சரிந்து படுங்கள். பல்லடியில் கிராம்பெண்ணெய் பூசுவது வீண், முரசுதான் வேகும். நோவு அந்த இடத்திலேயே இல்லையே.

சளி மஞ்சளாகிவிட்டது, பச்சையாகிவிட்டது என்று அன்ரிபயோட்டிக் தேடி ஓட வேண்டாம். தடிமன் வைரஸ் வேலை, நிறம் மாறுவது அதன் போக்கு, பெரும்பாலும் ஏழு பத்து நாளில் தானாக இறங்கும். பத்து நாள் கழிந்தும் ஒரு துளியும் குறையவில்லை என்றால், அல்லது குறைந்து வந்து திரும்பவும் காய்ச்சலும் வலியுமாக ஏறினால், டொக்டரிடம் போங்கள், அதில் பக்டீரியா சேர்ந்திருக்கலாம். கண்ணைச் சுற்றி வீங்கினால், பார்வை இரண்டாகத் தெரிந்தால், நெற்றி வீங்கினால், கழுத்து விறைத்தால், கடும் தலையிடியோடு ஆள் தடுமாறினால் பத்து நாள் கணக்குப் பார்க்காமல் அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வெள்ளிக்கிழமை நம்பரை வெட்டத் தேவையில்லை. போங்கள், ஆனால் "பிடுங்கிவிடுங்கோ" என்று சொல்லாதீர்கள், "தடிமனோடு வந்த உளைவு, பாருங்கோ" என்று சொல்லுங்கள். தட்டிப் பார்ப்பார்கள், தேவையென்றால் எக்ஸ்ரே எடுப்பார்கள். அப்படிச் சோதிப்பதற்கும் காரணம் உண்டு. சில வேளை கதை தலைகீழாக இருக்கும், சூத்தைப் பல்லின் வேரிலிருந்து சீழ் மேலே ஏறி சைனஸைக் கெடுக்கும். அப்போது ஒரு பக்க மூக்கால் மட்டும் சளி வரும், கெட்ட நாற்றமும் இருக்கும். தடிமன் போன பிறகும் அந்தப் பக்கம் விடாமல் நாறினால் அந்தப் பல்லுக்கு வைத்தியம் செய்தே ஆக வேண்டும்.

இனி உங்கள் வீட்டு விஷயம். அது உங்கள் குடும்ப விவகாரம் என்று நான் ஒதுங்கப் போவதில்லை. தாய்க்குச் சுகமில்லை என்றால் முற்றம் கூட்டுவது பிள்ளையின் கடமை, அதில் மகள் என்றும் மகன் என்றும் கணக்கு இல்லை. நீங்களும் பிழைதான் விட்டிருக்கிறீர்கள். சின்ன வயதிலேயே ஈர்க்கு விளக்குமாற்றை அவன்களின் கையில் கொடுத்திருக்க வேண்டும், "ஆம்பிளைப் பிள்ளை கூட்டினால் சனம் சிரிக்கும்" என்று தடுத்தது யார்? நீங்களா, உங்கள் மாமியா? யாராக இருந்தாலும் நாளை விடிய மூத்தவனை எழுப்பி விளக்குமாற்றைக் கொடுங்கள், அடுத்த நாள் இளையவன், மூன்றாம் நாள் அவர். அவர்கள் கூட்டுகிற முற்றத்தில் இலை கிடக்கும்தான், பிறகு போய் நீங்கள் திரும்பக் கூட்டினீர்கள் என்று கேள்விப்பட்டால் உங்கள் அடுத்த கடிதத்தை நான் பிரிக்கவும் மாட்டேன். நீங்கள் திண்ணையில் நிமிர்ந்து இருந்து கொத்தமல்லித் தண்ணி குடியுங்கள்.