கேள்வி–பதில்: 80 சதவீதம் எப்படி மைனஸ் 27 ஆனது?

முதலீட்டை "கணித முறையில்" பிரித்துத் தரும் சேவைக்கு ஆண்டுச் சந்தா கட்டினேன். ஜனவரியில் லார்ஜ்கேப் ஃபண்டில் பெரும்பங்கு போடச் சொன்னார்கள். ஏப்ரலில் அதை முழுவதும் விற்று மிட்கேப் வாங்கச் சொன்னார்கள். விற்ற லாபத்துக்கு வரி போனதுதான் மிச்சம். தவறு என்னுடையதா?
— வாசகர், ஈரோடு

உங்களுடையது இல்லை. பணம் வாங்கிக்கொண்டு இப்படி அலைக்கழித்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். கேள்விகளை எழுத்தில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால், அவர்கள் செபியில் பதிவு பெற்ற ஆலோசகர்களாக இருந்தால் 'ஸ்கோர்ஸ்' தளத்தில் புகார் செய்யுங்கள்.

இந்தக் கூத்து எங்கே தொடங்குகிறது என்பதைக் கணக்கோடு காட்டுகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. லார்ஜ்கேப்பின் ஆண்டு ஏற்ற இறக்கம் 16 சதவீதம், மிட்கேப்பினுடையது 20. இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே நகர்பவை, ஒட்டுறவு 0.9. அரசுப் பத்திர வட்டிக்கு மேலாக லார்ஜ்கேப் 6.56 சதவீதமும் மிட்கேப் 7.76 சதவீதமும் தரும் என்று கொடுத்தால், மென்பொருள் 80க்கு 20 என்று பிரிக்கிறது. இப்போது மிட்கேப்பை மட்டும் 9.56 என்று மாற்றுங்கள். கூட்டியது 1.8 சதவீதம்தான். விடை, லார்ஜ்கேப் மைனஸ் 27, மிட்கேப் 115, மீதி அரசுப் பத்திரம். கையில் இல்லாத லார்ஜ்கேப்பைக் கடன் வாங்கி விற்று மிட்கேப் வாங்கு என்று பொருள். கடன் வாங்கி விற்கக்கூடாது என்று தடை போட்டால் லார்ஜ்கேப் 0, மிட்கேப் 96. உங்களுக்கு ஏப்ரலில் வந்த கடிதத்தின் சாயல் இதில் தெரிகிறதா?

இரண்டும் ஒன்றுபோல நகர்வதால், வருமானத்தில் தெரியும் சிறு வித்தியாசத்தையும் இலவச லாபமாகவே அந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது. அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் கடந்த சில ஆண்டுச் சராசரியிலிருந்து. என் நெடுநாள் ஆத்திரம் இதுதான். இதே எண்களின்படி, ஐந்து ஆண்டுத் தரவை வைத்து இரண்டு ஃபண்டுகளின் சராசரி வித்தியாசத்தை அளந்தால் அதில் பிழை சுமார் 4 சதவீதம். பாதிக்கும் குறைவான 1.8ஐ நம்பி ஒருவருடைய சேமிப்பைத் தலைகீழாக்குவது கணிதம் ஆகாது. தராசின் முள் ஆடி நிற்பதற்குள் எடை சொல்லும் கடைக்காரரிடம் யாரும் அரிசி வாங்குவதில்லை.

இந்த வலி எனக்கும் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு மென்பொருளை, பழைய தரவில் அது காட்டிய அழகான ஏறுகோட்டைப் பார்த்து வாங்கினேன். மூன்று ஆண்டுச் சராசரியை உள்ளே கொடுத்தேன். ஒரே துறையின் ஃபண்டில் பெரும்பங்கைப் போடச் சொன்னது, போட்டேன், சரிந்தது. மகளின் கல்லூரிக்கு வைத்திருந்த பணம் அது. அந்தச் சரிவு ஈடாக நான்கு ஆண்டுகள் ஆயின.

எங்கள் ஆலோசகர் "பிளாக்–லிட்டர்மேன் முறை" என்று சொல்லிக் கூடுதல் கட்டணம் கேட்கிறார். அப்படி ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா?
— வாசகி, திருநெல்வேலி

இருக்கிறது. 1990 வாக்கில் கோல்ட்மேன் சாக்ஸ் நிறுவனத்தில் ஃபிஷர் பிளாக், ராபர்ட் லிட்டர்மேன் இருவரும் உருவாக்கியது. மேலே சொன்ன நோய்க்கு மருந்தாகவே பிறந்தது.

வருமானத்தை ஊகிப்பதிலிருந்து அவர்கள் தொடங்கவில்லை. சந்தையில் எல்லோரும் சேர்ந்து வைத்திருக்கும் விகிதத்திலிருந்து பின்னோக்கிப் போனார்கள். மொத்தச் சந்தை 80க்கு 20 என்று இருந்தால், அந்த விகிதம் சரியாக இருக்க ஒவ்வொன்றும் எவ்வளவு வருமானம் தர வேண்டும் என்பதுதான் கேள்வி.

```
Π = δ × Σ × w
```

w சந்தை விகிதம், Σ ஏற்ற இறக்கமும் ஒட்டுறவும் அடங்கிய அட்டவணை, δ இடரை ஏற்கச் சந்தை கேட்கும் கூலி. δவை 2.5 என்று எடுத்தால் 6.56, 7.76 கிடைக்கின்றன. நான் முதலில் கொடுத்த எண்கள் இப்படி வந்தவைதான். மிட்கேப் 1.2 சதவீதம் கூடுதலாகத் தரும் என்பது சந்தை விலைக்குள்ளேயே பொதிந்திருக்கிறது.

உங்கள் கருத்து இதற்கு அடுத்தபடியாகத்தான் வருகிறது. மிட்கேப் 3 சதவீதம் கூடுதலாகத் தரும் என்கிறீர்கள். எவ்வளவு நிச்சயம் என்றும் சொல்லியாக வேண்டும். சந்தையின் 1.2ல் பிழை 2 சதவீதம், உங்கள் 3லும் பிழை 2 சதவீதம் என்றால் இரண்டுக்கும் சம மதிப்பு. விடை நடுவில் 2.1. உங்கள் பிழை 3.5 என்றால் உங்களுக்குக் கால் பங்குதான், விடை 1.65.

மிட்கேப்பை உயர்த்தினால் கூடவே நகரும் லார்ஜ்கேப்பின் எதிர்பார்ப்பும் சற்று உயர்கிறது என்பது இதன் நயம். சம மதிப்புக் கணக்கில் லார்ஜ்கேப் 6.92, மிட்கேப் 9.02 ஆகின்றன. ஒன்றை மட்டும் பிடித்து இழுப்பதால் வந்த முறுக்கு தளர்ந்துவிடுகிறது. விகிதம் 35க்கு 65. கால் பங்கு நம்பிக்கையில் 57.5க்கு 42.5. அதே 3 சதவீதக் கருத்துதான் பழைய முறையில் மைனஸ் 27 கொடுத்தது.

கட்டணத்தைப் பற்றி: ஒவ்வொரு கருத்துக்கும் அவர் வைத்த பிழை எவ்வளவு, ஏன் என்று எழுதித் தருகிறாரா? தராவிட்டால் கூடுதலாக ஒரு ரூபாயும் வேண்டாம்.

நம்பிக்கை அளவை 100 சதவீதம் என்று வைத்தேன். லார்ஜ்கேப் மைனஸ் 10 வருகிறது. மென்பொருளில் கோளாறா?
— வாசகர், சேலம்

கோளாறு அந்த 100ல் இருக்கிறது.

மிட்கேப் 10 சதவீதம் தரும் என்று மென்பொருளின் கருத்துப் பெட்டியில் நல்ல எண்ணத்தோடுதான் எழுதினேன். ஆனால் அதன் ஒதுக்கீடு குறைந்துவிட்டது. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?
— வாசகர், மதுரை

கேட்க முடியாது. அந்தப் பெட்டியில் கேட்டது வட்டியும் சேர்ந்த மொத்த வருமானமா, வட்டிக்கு மேலான வருமானமா என்று படித்தீர்களா? மொத்த வருமானம் என்றால், பத்திர வட்டி 7 சதவீதமாக இருக்கும்போது மேற்கண்ட கணக்கில் சந்தையே மிட்கேப்பிடம் 14.76 எதிர்பார்க்கிறது. நீங்கள் 10 என்கிறீர்கள். உங்கள் மனத்தில் அது பாராட்டு; மென்பொருளுக்கு அது குறை சொல்வது. சொன்னபடி குறைத்திருக்கிறது. இந்த முறையில் கருத்து எப்போதும் சந்தை எண்ணோடு ஒப்பிட்டே பேசும். அந்த எண்ணைப் பார்க்காமல் பெட்டியை நிரப்பிவிட்டு எனக்கு எழுதுகிறவர்கள் பெருகிவிட்டார்கள்.

பணம் கட்டுவதற்கு முன், உள்ளே கணக்கு சரியாகத்தான் நடக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?
— வாசகி, கோயம்புத்தூர்

இலவசச் சோதனைக் காலத்தில் கருத்துப் பெட்டியை வெறுமையாக விட்டு ஓட்டுங்கள். சந்தை விகிதமே திரும்பி வர வேண்டும். நம் உதாரணத்தில் 80க்கு 20. வராவிட்டால் அங்கேயே எழுந்துவிடலாம். அடுத்து சந்தையின் 1.2ஐயே உங்கள் கருத்தாகக் கொடுங்கள். என்ன நம்பிக்கை வைத்தாலும் விகிதம் அசையக்கூடாது. பிறகு 3 கொடுத்து, அதை 4 ஆக்குங்கள். கால் பங்கு நம்பிக்கையில் மிட்கேப் 42.5லிருந்து 55க்குப் போகும். பழைய முறை 115லிருந்து 167க்குத் தாவியிருக்கும்.

இந்த முறை பண்படுத்துவது வருமான எண்களை மட்டும்தான். ஏற்ற இறக்க அட்டவணை தவறாக இருந்தால் அந்தத் தவறு அப்படியே விடைக்கு வரும். உங்கள் வீடு, நிலம், பெட்டியில் இருக்கும் நகை ஆகியவற்றுக்குச் சந்தை விகிதம் என்று திட்டமாக ஒன்றும் கிடையாது. அவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டுத் தருகிறோம் என்று யாராவது சொன்னால், w எங்கிருந்து எடுத்தீர்கள் என்று கேளுங்கள்.